திருவிழா இரவு வாழ்த்தும் அதன் விளிகளும்

பொல்தாவா, டிசம்பர் 24

பேரன்பிற்குரிய மரியா பாட்டி, அன்புள்ள ஒக்ஸானா அக்கா, தம்பி தராஸ், மதிப்பிற்குரிய அந்திரி ஐயா அவர்களே,

கிறிஸ்து பிறந்தார்! அவரைப் போற்றுவோம்!

பாட்டி, நீங்கள் சொல்லித் தந்தபடியே கோதுமையை வேகவைத்து, அரைத்த கசகசாவும் தேனும் கலந்து குத்தியா செய்திருக்கிறேன்; பன்னிரண்டு பதார்த்தங்களில் அதைத்தான் முதலில் உண்போம். அக்கா, ல்வீவிலிருந்து நீங்கள் வர இயலாத இந்த இரவிலும் உங்கள் தட்டு உங்கள் இடத்திலேயே இருக்கிறது. தராஸ் கண்ணா, மாலையின் முதல் விண்மீனை முதலில் கண்டு கூவுகிறவன் எப்போதும் நீதான். இன்று நிற்கும் இடத்திலிருந்தும் ஒருமுறை அண்ணாந்து பார். அந்திரி ஐயா, அப்பா மறைந்த பின்னும் எங்கள் வாசலுக்கு வந்து நலம் கேட்கும் உங்களுக்கு நல்ல உடல்நலம் வாய்க்கட்டும்.

உங்கள் அன்புள்ள
ஹலீனா

மொழிபெயர்த்தவர் குறிப்பு

உக்ரைனிய மொழியில் விளி ஏழாம் வேற்றுமை. சோவியத் காலத்து இலக்கணங்கள் அதனை வேற்றுமையாக எண்ணாமல் வெறும் விளிவடிவமாகக் குறைத்தபோதும், மக்கள் பேச்சில் அது அறவே மறையவில்லை. நமக்கு அது எட்டாம் வேற்றுமை. தொல்காப்பியம் அதற்கு விளிமரபு என்று தனி இயலே வகுத்திருக்கிறது. இரு மொழிகளும் பெயரின் ஈற்றை மாற்றி அழைக்க வல்லவையாயினும், அங்குள்ள ஈறுகளை அப்படியே எடுத்துவர முடியவில்லை.

மூலத்தில் பாட்டி ‘மரியே’ என்றே அழைக்கப்படுகிறார். தமிழிலும் அவ்வடிவம் உண்டு. ஆனால் ‘அருள் நிறைந்த மரியே வாழ்க’ என்ற மன்றாட்டில் இறையன்னையை அழைக்கும் அந்தச் சொல்லால் வீட்டுப் பாட்டியை அழைப்பது நம் மரபில்லை. ‘தராஸே’ என்று எழுதியிருந்தால், நம் காதில் அது நிறுவைக் கருவியை விளிப்பதாகவே விழுந்திருக்கும். ‘ஒக்ஸானோ’ என்பதன் இறுதி ஓகாரம் அழைப்பாக அன்றி ஐயமாகத் தொனிக்கிறது. ஆகவே பெயர்களை எழுவாய் வடிவிலேயே நிறுத்தி, அழைக்கும் பொறுப்பை உறவுச் சொற்களிடம் ஒப்படைத்தேன்.

அதற்கு மூலம் தராத ஒரு செய்தி தேவைப்பட்டது. ‘செஸ்த்ரோ’ என்பது மூத்தவளுக்கும் இளையவளுக்கும் பொதுவான விளி. தமிழிலோ வயது தெரியாமல் உடன்பிறந்தவரை அழைக்க இயலாது. ஹலீனாவிடமே கேட்டு, ஒக்ஸானா நான்கு வயது மூத்தவர் என்றும் தராஸ் கடைக்குட்டி என்றும் அறிந்த பிறகே அக்காவும் தம்பியும் இடம்பெற்றனர். ‘பானே அந்திரியு’ என்ற மரியாதை விளியில் பெயரோடு ‘பான்’ என்ற மதிப்புச்சொல்லும் விளியேற்பதால், ‘ஐயா’, ‘அவர்களே’ என இரண்டையும் இட்டேன். தம்பியைச் செல்லமாக அழைக்கும் ‘தராஸிகு’ மட்டும் எளிதில் கைகூடியது. கண்ணன் ‘கண்ணா’ ஆவதும் ஈறு திரிந்த விளிதானே.