காலாண்டுத் தேர்வு குறித்து

திருவையாறு

அன்புள்ள ஐயா, அம்மா,

வணக்கம். தம்பி கணக்கில் 27 வாங்கியதற்கு மனம் உடைந்துவிடாதீர்கள். விடைத்தாளை வரிவரியாகப் பார்த்தேன். இயற்கணிதத்தில் வழிமுறை சரி. கடைசி வரியில் கழித்தல் குறியை விட்டுவிடுகிறான். செய்முறை வடிவியலைத் தொடவே இல்லை. அந்த 8 மதிப்பெண் கிடைத்திருந்தால் 35 எடுத்துத் தேறியிருப்பான்.

அரையாண்டு வரை திங்கள், புதன், வெள்ளி மாலை 6.30க்கு அனுப்புங்கள். முதல் மூன்று வாரமும் வடிவியல்தான். காம்பஸும் பென்சிலும் கையில் பழக வேண்டும். பிறகு இயற்கணிதம். வீட்டில் விடியற்காலையில் ஐந்து கணக்கு போதும். சனிக்கிழமை சிறு தேர்வு வைக்கிறேன்.

சம்பா நடவு நேரம், ஆள் பற்றாக்குறை எனக்குத் தெரியும். வயலுக்கு ஞாயிறு மட்டும் அழைத்துப் போங்கள். திட்ட வேண்டாம், விடைத்தாளை நீட்டும்போதே அவன் கை நடுங்கியது.

அன்புடன்,
டியூஷன் ஆசிரியர்