கிளிப் மாட்டியாச்சா?

தொலைக்காட்சிக்கும் திரையரங்குக்குமான சாலைப் பாதுகாப்பு அறிவிப்பு. நீளம் 60 விநாடி.

படப்பிடிப்புக் குழுவுக்கு: இது ஒரே ஒரு பழக்கத்தைப் பற்றிய படம். ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தாடைப் பட்டையை மாட்டாமல் கிளம்புகிறோமே, அதைப் பற்றி மட்டும். வேகமோ, ஓட்டும்போது போன் பேசுவதோ, குடியோ இதில் வர வேண்டாம். விபத்தையும் காட்ட வேண்டாம். ரத்தத்தைப் பார்த்ததும் மக்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், சொல்ல வந்தது அவர்களைப் போய்ச் சேராது.

0–11 விநாடி. வீட்டு வாசல், காலை.

ஸ்டார்ட் செய்த பைக்கில் தம்பி, இருபது வயதுக்காரன். தலையில் ஹெல்மெட். பட்டையின் இரண்டு முனைகளும் கன்னத்துக்கு இருபக்கமும் தொங்குகின்றன. கேமரா அதைச் சுட்டிக்காட்டக் கூடாது. பார்ப்பவரும் கவனிக்காமல் விட வேண்டும். அக்கா ஓடி வருகிறாள்.

அக்கா: டேய், போனை விட்டுட்டுப் போற!

தம்பி: குடு, குடு. லேட்டாச்சு.

அக்கா: ஹெல்மெட் எங்கடா?

தம்பி (தலையில் தட்டிக்காட்டி): இது என்னவாம்?

அவள் சிரிக்கிறாள். பைக் கிளம்புகிறது.

11–16 விநாடி. திரை கறுப்பு.

பைக் ஓடும் சத்தம். பிரேக் கிறீச்சிடுகிறது. அப்புறம் உள்ளே வெற்றாக இருக்கும் ஏதோ ஒன்று தார்ச்சாலையில் உருண்டு உருண்டு நிற்கும் சத்தம். மனிதக் குரல் எதுவும் இல்லை.

16–36 விநாடி. மருத்துவமனை நடைபாதை.

மருத்துவமனை ஊழியர் ஒரு பையை நீட்டுகிறார். கண்ணாடி நொறுங்கிய போன், ஒற்றைச் செருப்பு. பிறகு ஹெல்மெட்டைத் தனியாகக் கொடுக்கிறார். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். உள்ளே விரலை விட்டுத் தடவுகிறாள். அடி விழுந்தால் நசுங்கி அதைத் தாங்கிக்கொள்ள வேண்டிய தெர்மாகோல், கடையில் வாங்கியபோது இருந்தது போலவே இருக்கிறது. இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். முழுப் படமும் இந்தக் கைகளில்தான் இருக்கிறது.

அக்கா: உள்ளே ஒரு நசுங்கல்கூட இல்லையே...

ஊழியர் தலை குனிகிறார்.

அக்கா: போட்டிருந்தான். நான் பார்த்தேன். தலையிலதான் இருந்துச்சு!

ஊழியர்: இருந்திருக்கும்மா. பட்டையை மாட்டல. விழுந்தப்போ கழன்று தனியா போயிருச்சு.

(நடிக்கும் இருவருக்கும்: கீழே விழும் ஒருவருக்குத் தலையில் ஒரே அடிதான் படும் என்றில்லை. கட்டாத ஹெல்மெட் முதல் உலுக்கலிலேயே பறந்துவிடலாம். அதற்குப் பிறகு தரையில் மோதுவது வெறும் தலை. ஊழியர் இதைப் பலமுறை பார்த்தவர். அவர் குரலில் கண்டிப்பு வரவே கூடாது.)

36–43 விநாடி. கைகள், மிக அருகில்.

அவள் பட்டையின் இரு முனைகளையும் சேர்த்து அழுத்துகிறாள். ‘க்ளிக்’. கழற்றி, மறுபடியும் மாட்டுகிறாள். ‘க்ளிக்’. வளையத்தில் கோத்துக் கட்டும் பட்டையில் இந்தச் சத்தம் வராது. அதனால் கிளிப் வைத்த ஹெல்மெட்டையே பயன்படுத்தவும்.

அக்கா (உடைந்த குரலில்): இவ்வளவுதானேடா... இதை மாட்டியிருக்கக் கூடாதா?

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தம்பி படுத்திருக்கிறான். தலை முழுக்கக் கட்டு. பிழைப்பானா என்று படம் சொல்லாது.

43–52 விநாடி. மருத்துவமனை வாகன நிறுத்தம்.

அப்பா மருந்துச் சீட்டைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறுகிறார். நடுங்கும் கையால் ஹெல்மெட்டைத் தலையில் வைத்துச் சாவியைப் போடுகிறார். பட்டை தொங்குகிறது. அக்கா ஓடி வந்து சாவியை உருவிக்கொள்கிறாள்.

அப்பா: பக்கத்துலதாம்மா, மருந்துக் கடை.

அக்கா: பக்கமா இருந்தாலும் சரி. நிமிருங்கப்பா.

கிளிப்பை மாட்டி, பட்டைக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துப் பார்க்கிறாள். இன்னும் கொஞ்சம் இழுத்து இறுக்குகிறாள். அப்புறம்தான் சாவி அவர் கைக்குப் போகிறது.

52–60 விநாடி. அதே இடம். ஸ்கூட்டர் கிளம்பிப் போகிறது.

பின்னணிக் குரல் (பெண், செய்தி வாசிப்பது போல அல்லாமல், வீட்டு மனுஷி பேசுவது போல): ஹெல்மெட் பட்டையை மாட்டுங்க. ரெண்டு விரல் மட்டும் நுழையற அளவுக்கு இறுக்குங்க. அப்புறம் சாவியைப் போடுங்க.

திரையில் எழுத்து: முதலில் கிளிப். அப்புறம் சாவி.