கூ... கோச்சி வருது! | அட்டன் முதல் நானுஓயா வரை 1 முதல் 7 எண்கள் பாட்டு | மலையகக் குழந்தைப் பாடல்

மலையகப் பிள்ளைகளுக்கான தமிழ் எண்கள் பாட்டு. அம்மாயியும் பேரப்பிள்ளையும் அட்டனில் கோச்சி ஏறி, ஏழு ஸ்டேஷன்களை எண்ணிக்கொண்டே நானுஓயா போய் இறங்குகிறார்கள். 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கும், முன்பள்ளிக்கும், பிள்ளைக்காம்பராவுக்கும் ஏற்ற மெதுவான தாளம். வரிகள் திரையிலும் வரும்.

ரயில் பாட்டு என்று தேடி வந்தவர்களுக்கும் இதுதான் பாட்டு. எங்கள் பக்கம் ரயிலைக் கோச்சி என்போம். பாட்டிலும் அப்படியே விட்டுவிட்டோம். எண்கள் சொல்லித்தரும் பாட்டுகள் நிறைய இருக்கின்றன. ஆனால் தேயிலை மலைக்கு நடுவில் வளரும் பிள்ளைக்குத் தன் வீட்டுப் பேச்சும் ஜன்னலில் தெரியும் ஊரும் அதில் கிடைப்பது குறைவு. அதனால் ஒன்று என்றால் அட்டன், இரண்டு என்றால் கொட்டகலை என்று வைத்துக்கொண்டோம்.

பாட்டில் எது எங்கே
0:00 கூ... கோச்சி வருது
0:24 ஒண்ணு, அட்டன்
0:45 ரெண்டு, கொட்டகலையும் சுரங்கமும்
1:08 மூணு, தலவாக்கலை
1:29 நாலு, வட்டகொடை மழை
1:50 அஞ்சு, கிரேட்வெஸ்டன் பனி
2:12 ஆறு, ரதல்ல
2:33 ஏழு, நானுஓயா
2:56 இசை மட்டும், நீங்களே எண்ணிப் பாடுங்கள்

பாட்டு வரிகள்

கூ கூ கூ கூ கோச்சி வருது
கூட வாங்க போகலாம்
அம்மாயி கையப் பிடிச்சுக்கிட்டு
ஆளுக்கொரு டிக்கெட் வாங்கலாம்

ஒண்ணு ஒண்ணு அட்டன்
சட்டையில ஒரு பட்டன்
போட்டுக்கிட்டு ஏறு
குளிருது பாரு

ரெண்டு ரெண்டு கொட்டகலை
கொட்டாவி விடும் சிங்கமலை
இருட்டுக்குள்ள போச்சு
எட்டிப் பார்த்தா வெளிச்சமாச்சு

மூணு மூணு தலவாக்கலை
முழுக்க முழுக்கத் தேயிலை
ரெண்டு இலையும் ஒரு மொட்டும்
கூடையில வந்து கொட்டும்

நாலு நாலு வட்டகொடை
நனைஞ்சு போச்சு வட்டக்குடை
குடைக்குள்ள யாரு யாரு
குட்டித் தம்பி எட்டிப் பாரு

அஞ்சு அஞ்சு கிரேட்வெஸ்டன்
பஞ்சு போல பனிமூட்டம்
மலையக் காணோம் தேட வேணாம்
போர்த்திக்கிட்டுத் தூங்குதாம்

ஆறு ஆறு ரதல்ல
அவசரம் ஒண்ணும் இல்ல
மெல்ல மெல்ல ஏறுது
மேகம் கிட்ட வருது

ஏழு ஏழு நானுஓயா
எண்ணினது நானா நீயா
இறங்கும்போது பார்த்து
அம்மாயி கையக் கோர்த்து

பிள்ளைகள் கேட்டால் சொல்ல
சிங்கமலை கொட்டாவி விடுகிறது என்பது சுரங்கத்தைத்தான். அட்டனை விட்டுக் கொட்டகலைக்குப் போகும் வழியில் கோச்சி அதற்குள் நுழைகிறது. அந்த இடத்தில் வீடியோவும் சில விநாடி இருட்டாகும், ஆனால் திடீர்ச் சத்தம் எதுவும் வைக்கவில்லை. இருட்டுக்குப் பயப்படும் பிள்ளை என்றால் முதல் தடவை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

ரெண்டு இலையும் ஒரு மொட்டும்: கொழுந்து பறிப்பது அப்படித்தான். அம்மா மலைக்குப் போய் வந்த பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளைக்கு, நம் பக்கம் 'மலை' என்றால் தேயிலை பயிரிட்ட வேலைக்காட்டையும் சொல்வோம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

கிரேட்வெஸ்டன் ஸ்டேஷன் பெயர், மலையின் பெயரும் அதுவே. பனி மூடினால் மலை உண்மையாகவே காணாமல் போகும்.

கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவில் சென்கிளேயர் இருக்கிறதே என்று அங்கே உள்ளவர்கள் கேட்பார்கள். தெரியும். ஏழுக்குள் அடக்க முடியவில்லை, எதுகையும் கிடைக்கவில்லை. எட்டு வரை எண்ணும் பாட்டு எழுதும்போது முதல் இடம் அதற்குத்தான்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும்
இந்த வீடியோவைச் 'சிறுவர்களுக்காகத் தயாரிக்கப்பட்டது' என்று குறித்துத்தான் பதிவேற்றியிருக்கிறோம். அதனால் கீழே கருத்து எழுத முடியாது, புதிய பாட்டு வந்தால் மணி அறிவிப்பும் வராது. பழுது இல்லை, யூடியூப்பில் சிறுவர் வீடியோக்களுக்கு 2020 முதல் உள்ள முறை. பார்க்கும் பிள்ளையைப் பற்றிய தகவலைச் சேர்த்து அதற்கேற்ற விளம்பரம் காட்டக் கூடாது என்பது அதன் அடிப்படை. பொதுவான விளம்பரம் வரலாம். அதை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. பாட்டுக்குள் எந்தப் பொருளையும் காட்டவில்லை, விற்கவும் இல்லை.

இந்த விவரத்தில் லிங்க் ஒன்றும் போடாததும் தெரிந்தே செய்ததுதான். கையில் போன் இருக்கும் பிள்ளை எதையும் அமுக்கும். பிள்ளையின் பெயர், பள்ளி, படம், குரல் எதையும் நாங்கள் கேட்பதில்லை. தயவுசெய்து அனுப்பவும் வேண்டாம். பாடியது இரண்டு பெரியவர்கள். சின்னப் பிள்ளையின் குரல் இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், ஆனால் அந்தக் குரல் வருடக்கணக்கில் இங்கே கிடக்கும் என்று யோசித்தபோது வேண்டாம் என்று விட்டோம். படங்கள் எல்லாம் கையால் வரைந்தவை, உண்மையான பிள்ளைகள் யாரும் இதில் இல்லை.

அறிவிப்பு வராது என்பதால் அடுத்த முறை தேடித்தான் வர வேண்டும். கோச்சி பாட்டு என்றோ, மலையக ரயில் பாட்டு என்றோ, தமிழ் எண்கள் பாடல் என்றோ தேடலாம். அட்டனை ஹட்டன் என்று எழுதுகிறவர்களும், நானுஓயாவை நானு ஓயா என்று பிரித்து எழுதுகிறவர்களும் உண்டு, இரண்டையும் இங்கே எழுதி வைத்துவிட்டோம். பாட்டுக்குச் சம்பந்தமில்லாத பிரபலமான பெயர்களைச் சேர்த்து ஆள் பிடிக்கும் வேலை மட்டும் இல்லை.

முன்பள்ளியிலும் பிள்ளைக்காம்பராவிலும் தாராளமாகப் போடுங்கள், பாடுங்கள், எங்களைக் கேட்க வேண்டாம். ஸ்டேஷன் பெயர்களை மாற்றி உங்கள் பக்கத்து ஊர்களை வைத்தும் பாடலாம். அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். மெட்டும் வரிகளும் நாங்களே செய்தவை. வீடியோவை வெட்டி வேறு இடத்தில் மறுபடி பதிவேற்றுவதை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

விளையாட வரிசையாக நின்று ஒருவர் தோளை ஒருவர் பிடித்தால் வீட்டுக்குள்ளேயே கோச்சி ஓடும். உண்மையான தண்டவாளத்தில் நடப்பதும் சுரங்கத்துக்குள் போவதும் வேண்டாம். கோச்சியில் கதவுப் பக்கம் பிள்ளையைத் தொங்க விட்டுப் படம் எடுப்பதும் வேண்டாம், ஜன்னல் போதும்.

#தமிழ்குழந்தைப்பாடல் #மலையகம் #TamilRhymes #எண்கள்பாட்டு #கோச்சிபாட்டு