சரியா, தவறா? தொலைக்காட்சிச் சுற்று

மஞ்சக்குப்பம் மூத்த குடிமக்கள் மன்றத்தின் மாலைக் கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு வாக்கியம் படிப்பேன். சரி என்றால் பச்சை அட்டை, தவறு என்றால் சிவப்பு. கை தூக்க முடியாதவர்கள் வாயால் சொன்னால் போதும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். அவசரம் வேண்டாம், ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை படிக்கிறேன்.

ஒன்று. இந்தியாவில் தொலைக்காட்சி முதலில் வந்தது பம்பாயில்.
தவறு. 1959 செப்டம்பர் 15, டெல்லியில். பம்பாய் 1972 வரை காத்திருந்தது.

இரண்டு. சென்னை நிலையம் ஒரு சுதந்திர தினத்தன்று தொடங்கியது.
சரி. 1975 ஆகஸ்ட் 15.

மூன்று. தூர்தர்ஷன் பிறந்ததிலிருந்தே தனிக்குடித்தனம்தான்.
தவறு. 1976 ஏப்ரல் 1 வரை அகில இந்திய வானொலியோடு கூட்டுக்குடும்பம்.

நான்கு. ரேடியோவுக்கு லைசென்ஸ் எடுத்தோம்; டிவிக்கு எடுத்ததே இல்லை.
தவறு. டிவிக்கும் தபால் நிலையத்தில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கினோம். அந்தச் சின்னப் புத்தகத்தை இன்னும் பீரோவில் வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். பேரப்பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டும்.

ஐந்து. ‘ஒளியும் ஒலியும்’ ஞாயிற்றுக்கிழமை வந்தது.
தவறு, வெள்ளிக்கிழமை! ஞாயிறு என்றால் சினிமா. தெருவில் டிவி இருந்த ஒரே வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்திருப்பார்கள். சின்னப் பிள்ளைகள் முன்னால், பெரியவர்கள் சுவரோரம், மற்றவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே. பாதிப் பாட்டில் திரை முழுக்கப் புள்ளி விழும். உடனே ஒருவர் மாடிக்கு ஓடி ஆன்டெனா குழாயைத் திருப்புவார். “வந்துருச்சா?” “இல்ல, இன்னும் கொஞ்சம்!” அதற்குள் பாட்டே முடிந்துவிடும். மாடிக்கு ஓடியவர்கள் இங்கே யாராவது இருந்தால் கை தூக்குங்கள், அவர்களுக்கு ஒரு கைதட்டல். பாட்டைத் தியாகம் செய்தவர்கள் அவர்கள்தான்.

ஆறு. 1983இல் கபில்தேவ் கோப்பை வாங்கிய பிறகுதான் இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு வந்தது.
தவறு. 1982லேயே வந்துவிட்டது. அந்த நவம்பரில் டெல்லி ஆசிய விளையாட்டைக் கலரில் காட்டினார்கள். நம்மில் பலர் வீட்டில் கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்ததால் வருஷம் குழம்புவது இயல்பு.

ஏழு. ‘மகாபாரதம்’ முடிந்த பிறகு ‘ராமாயணம்’ வந்தது.
தவறு. ராமாயணம் 1987 ஜனவரியில், மகாபாரதம் 1988 அக்டோபரில். இந்தி புரியாமலேயே ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்தோமே!

எட்டு. சன் டிவி தொடங்கியது 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று.
சரி. ஏப்ரல் 14.

மதிப்பெண் சமமாக இருந்தால் மட்டும் இது: 1925இல் ஜான் லோகி பெயர்ட் தன் கருவியில் தெளிவாகக் காட்டிய முதல் முகம் அவருடைய மனைவியுடையது.
தவறு. அது ஒரு பேசும் பொம்மையின் தலை. விளக்குகளின் சூடு அவ்வளவு கடுமை. அப்புறம்தான் கீழ்த்தளத்தில் வேலை பார்த்த பையனை அழைத்து வந்து உட்கார வைத்தார்.

மதிப்பெண் குறிப்பவர் பலகையை இப்பக்கம் திருப்பலாம்.