மிச்ச டேப்: தில்லையின் 55-வது பிறந்தநாளுக்கு

பேசுறவங்க: குமார், நூர்ஜஹான், பழனி, நூர்ஜஹானோட வாப்பா.

பழனி கவனத்துக்கு: பேச்சுக்கு அடியில பாட்டு ஓட விடாதே. பேச்சு முடிஞ்சதும் பாட்டு, பாட்டு அடங்கினதும் பேச்சு. ஆள் பேசும்போது மேல இசை ஏறினா தில்லைக்குப் பிடிக்காதுன்னு உனக்கே தெரியும். எந்தப் பாட்டும் அரை நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம். அம்மா பகுதியை மட்டும் வெட்டாதே.

[ஒலி: டெக் கதவு மூடுது. பிளே பட்டன் 'டக்'. மூணு செகண்ட் டேப் இரைச்சல்.]

குமார்: தில்லை, நான் குமார் பேசுறேன். பிறந்தநாள் வாழ்த்துகள்டா. இத காதுல மாட்டிக்கிட்டு நடந்துக்கிட்டே கேக்காத. வீட்ல உக்காந்து, நல்ல ஸ்பீக்கர்ல போட்டுக் கேளு.

1991-ல சிதம்பரம் கீழ வீதில உன் ரெக்கார்டிங் கடை. மாடிப்படிக்குக் கீழ இருந்த அந்த இடத்துல ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆள் தெருவுலதான் நிக்கணும். அண்ணாமலை நகர் ஹாஸ்டல்லேர்ந்து சைக்கிள் மிதிச்சு வருவோம். நோட்டுப் பேப்பரைக் கிழிச்சு பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுப்போம். அறுபது கேசட்டுன்னா ஒரு பக்கம் முப்பது நிமிஷம். எல்லா ரெக்கார்டிங் கடையிலயும் பாட்டு முடிஞ்சதும் மிச்சத்தைக் காலியா விட்ருவான். இல்லன்னா பாதிப் பாட்டைப் போட்டு கழுத்தை அறுத்துடுவான். நீ ரெண்டும் செய்ய மாட்டே. லிஸ்ட்டுல ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்துல பென்சில்ல நிமிஷத்தைக் குறிப்பே, கூட்டுவே. ரெண்டு நிமிஷமோ மூணு நிமிஷமோ மிஞ்சினா, 'மிச்ச டேப்புல நான் ஏதாவது போட்டுத் தரேன்'னு சொல்லுவே. என்ன போடுவேன்னு சொல்ல மாட்டே.

அந்த மிச்சத்தைத்தான் இப்ப உனக்குத் திருப்பிக் கொடுக்குறோம். எங்க எல்லார் வீட்லயும் பரண்ல கிடந்த கேசட்டை இறக்கி, பக்கம் பக்கமா கேட்டு, கடைசியில இருந்ததைப் பிரிச்சு எடுத்தோம்.

[இசை: 1991, 'தளபதி', 'ராக்கம்மா கையத் தட்டு'. தொடக்க வயலின்கள். 20 செகண்ட். மெல்லக் குறைக்கவும்.]

குமார்: அந்தத் தீபாவளிக்கு நான் கேட்டு வாங்கின கேசட்டு. ஏழு நிமிஷம் ஓடுற பாட்டுன்னு உன்கிட்ட முணுமுணுப்பு வாங்கினேன். இதோட மிச்சத்துல என்ன இருந்துச்சுன்னு இப்ப சொல்ல மாட்டேன். அதுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு பேர் பேசணும்.

[இசை: நாகூர் ஹனீபா, 'இறைவனிடம் கையேந்துங்கள்'. தொடக்கம். 20 செகண்ட்.]

நூர்ஜஹான்: அஸ்ஸலாமு அலைக்கும் தில்லை அண்ணே. பரங்கிப்பேட்டைலேர்ந்து நூர்ஜஹான். எங்க வீட்டுக் கேசட்டு எல்லாமே இந்தக் குரல்லதான் ஆரம்பிக்கும், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வாப்பா வியாழக்கிழமை கடைக்குச் சாமான் எடுக்கச் சிதம்பரம் வருவாங்க. உங்ககிட்ட லிஸ்ட்டைக் கொடுத்துட்டு, சாயங்காலம் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி வாங்கிக்குவாங்க.

எங்க நானா துபாய் போன வருஷம் அது. போன் பேசணும்னா டெலிபோன் பூத்துல மீட்டர் ஓடுறதைப் பாத்துக்கிட்டே பேசணும். 'என்னம்மா, நல்லாருக்கியா' முடியறதுக்குள்ள காசு போயிடும். ஊருக்குப் போற ஆள் கையில பேசின கேசட்டைக் கொடுத்து அனுப்புறது அப்ப எங்க தெருவுல எல்லா வீட்லயும் உண்டு. எங்க உம்மாவுக்கு மைக்கைப் பாத்தா நாக்கு ஒட்டிக்கும். அத வாப்பா உங்ககிட்ட சொல்லிருக்காங்க. நீங்க மைக்கைப் பையில போட்டுக்கிட்டு பரங்கிப்பேட்டைக்கே வந்துட்டீங்க. அடுப்படியில தேங்கா துருவிக்கிட்டிருந்த உம்மாக்கிட்ட 'என்ன சமையல்'னு கேட்டீங்க. அவ்வளவுதான். உம்மா பேச ஆரம்பிச்சுட்டாங்க. மைக் துண்டுக்கு அடியில இருந்துச்சுன்னு பின்னாடிதான் சொன்னீங்க.

[ஒலி: நூர்ஜஹான் வீட்டுக் கேசட், பி பக்கக் கடைசி. தேங்காய் துருவும் சத்தம். உம்மாவின் குரல்: 'கெளுத்தி மீன்தான் தம்பி. அவன் இருந்தா தலைய அவனுக்குத்தான் வைப்பேன்.' 15 செகண்ட்.]

நூர்ஜஹான்: நானா அங்க ரூம்ல இருந்த எட்டுப் பேருக்கும் இதப் போட்டுக் காட்டிருக்காங்க. ஹனீபா பாட்டு முடிஞ்சதும் யாரும் டெக்கை நிறுத்த மாட்டாங்களாம், உம்மா வருவாங்கன்னு. வாப்பாவுக்கு இப்ப காது கொஞ்சம் மந்தம். ஆனா உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்னு பக்கத்துலயே உக்காந்துருக்காங்க.

வாப்பா: தம்பி, நல்லாருக்கியா. நீ அன்னிக்கு பஸ் சார்ஜ்கூட வாங்கல. சாப்பிட்டுப் போன்னா, கடை பூட்டிக் கிடக்குன்னு ஓடிட்டே. அந்தச் சாப்பாடு இன்னும் பாக்கி. ஞாயித்துக்கிழமை வீட்டாளையும் கூட்டிக்கிட்டு வந்துரு. கெளுத்தி வாங்கி வைக்கிறேன்.

[இசை: 1992, 'ரோஜா', 'சின்னச் சின்ன ஆசை'. தொடக்க இசை மட்டும். 15 செகண்ட்.]

பழனி: அண்ணே, பழனி. இது நான் உங்ககிட்ட வேலைக்குச் சேந்தப்ப வந்த பாட்டு. மின்மினி குரல்ல 'ஸ'வும் 'ச'வும் தெளிவாக் கேட்டா ஹெட் சுத்தமா இருக்குன்னு அர்த்தம், இரைஞ்சா ஸ்பிரிட் தொட்ட பஞ்சு எடுன்னு சொல்லிக் கொடுத்தீங்க. நான் படிச்ச முதல் பாடம் அது. இன்னிக்கு நான் ஒலிப்பதிவுக் கூடத்துல சம்பாதிக்கிற சோறு அதுலேர்ந்து வந்தது.

இந்தக் கேசட்டுங்களைச் சரி பண்ணினதை உங்களுக்குச் சொல்லியே ஆகணும். பாதி கேசட்டுல பூஞ்சை. ரெண்டுல உள்ள இருக்குற பஞ்சு மெத்தை உதிர்ந்துபோய், டேப் ஹெட்டுல ஒட்டாம ஓடுச்சு. திருகைக் கழட்டி, ரெண்டு சுருளையும் கையால தூக்கி நல்ல கூட்டுக்குள்ள மாத்துனேன். சிலது சத்தம் கம்பளிக்குள்ள இருந்து வர்ற மாதிரி மங்கலாக் கேட்டுச்சு. உங்க பழைய டெக்கோட ஹெட்டு லேசா சாஞ்சு இருந்துருக்குண்ணே. என் டெக்குல சின்ன ஸ்க்ரூடிரைவரை வச்சு ஹெட் திருகை மயிரளவு திருப்பினேன். அப்படியே சலங்கைச் சத்தம் வரைக்கும் திறந்துக்கிச்சு. உங்க டெக்கு எந்தக் கோணத்துல சாஞ்சிருந்துச்சோ அந்தக் கோணத்துல நின்னாத்தான் நீங்க பதிஞ்சது முழுசாக் கேக்குது.

இன்னொண்ணும் சொல்லணும். இதுக்கு அடுத்து பாட்டு இல்ல.

[இசை இல்லை. நாலு செகண்ட் அமைதி. இரைச்சலையும் எடுத்துவிடவும்.]

பழனி: 2004 டிசம்பர் 26. அன்னிக்கு மத்தியானம் கடை ஆம்ப்ளிஃபயரையும் ரெண்டு கொம்பு ஸ்பீக்கரையும் ஆட்டோவுல ஏத்தினீங்க. கிள்ளைப் பக்கத்துலேர்ந்து வந்த ஜனங்க தங்கியிருந்த மண்டபத்துல கட்டினோம். யார் யாரைத் தேடுறாங்களோ அந்தப் பேரை வாங்கி, ஊரு, வயசு, போட்டிருந்த சட்டை நிறம்னு நீங்க மைக்குல சொல்லிக்கிட்டே இருந்தீங்க. ராத்திரி குரல் போச்சு. என்னைச் சொல்லச் சொன்னீங்க. நான் வேகமாப் படிச்சேன். தோளைத் தொட்டு, 'ஒவ்வொரு பேருக்கும் நடுவுல மூச்சு விடு, கேக்குறவங்க திரும்பிப் பாக்க நேரம் வேணும்'னீங்க. அதுக்கப்புறம் நான் எந்த மைக் முன்னாடி நின்னாலும் அப்படித்தாண்ணே பேசுறேன்.

அன்னிக்குப் பேர் கேட்டு ஓடி வந்தவங்களும் இருந்தாங்க. அதச் சொல்லாம விடக் கூடாது.

[ஒலி: டேப் இரைச்சல் மறுபடி மெல்ல வரட்டும்.]

குமார்: தில்லை, இப்ப என் கேசட்டு.

'ராக்கம்மா' நடுவுல, துள்ளிக்கிட்டு இருக்கிற பாட்டு சட்டுன்னு அடங்கி, அப்பர் பாடின தேவாரம் வருமே, 'குனித்த புருவமும்'னு. நம்ம ஊர்ச் சாமியைப் பாடின பாட்டு. கடையில முதல் தடவை அது ஓடினப்ப அம்மா உனக்குச் சோறு கொண்டு வந்து படியில நின்னாங்க. தூக்கைக் கீழ வைக்காமலே கேட்டாங்க. 'இது நம்ம கோயில் பாட்டுல்ல, ஏண்டா சினிமாவுல வந்துச்சு'ன்னாங்க. கோவமா சந்தோஷமான்னு எனக்குத் தெரியல. நீ டேப்பைத் திருப்பிப் போட்டே. அவங்களுக்கு ரெண்டாவது தடவையும் போட்டே. அப்புறம் நான் கிளம்பிட்டேன்.

மறுநாள் கேசட்டை வாங்கினேன். ஏ பக்கக் கடைசியை ஹாஸ்டல்ல ஒரு தடவை கேட்டேன். யாரோ அம்மா பாடுறாங்கன்னு நினைச்சேன். அந்தக் கேசட்டை எங்கண்ணன் வாங்கிட்டுப் போயிட்டான். இப்பத்தான் அவன் வீட்லேர்ந்து கிடைச்சுச்சு.

உன்கிட்ட அம்மாவோட போட்டோ நெறைய இருக்கு, குரல் ஒண்ணுகூட இல்லன்னு கருமாதி அன்னிக்கு என்கிட்ட சொன்னே. ஊருக்கே பதிஞ்சு கொடுத்தவன், நீ பதிஞ்சது எல்லாத்தையும் மிச்ச டேப்புல போட்டுக் கொடுத்துட்டே, உனக்குன்னு ஒரு கேசட்டு எடுத்து வைக்கல. அம்மாவைப் பதிஞ்சது உனக்கே மறந்துருக்கும். அன்னைக்கு நிக்காம கூட்டம் வந்துக்கிட்டு இருந்துச்சு.

இந்தா.

[ஒலி: குமாரின் கேசட், ஏ பக்கக் கடைசி. தெருச் சத்தம், சைக்கிள் மணி. அம்மா 'குனித்த புருவமும்' பாட்டைத் தன் போக்கில் பாடுகிறார். நடுவில் இருமி, 'போதுமாடா, சோறு ஆறுது' என்கிறார். தில்லையின் இளவயதுக் குரல்: 'இன்னொரு தடவை முதல் அடி மட்டும்மா.' மறுபடி பாடுகிறார். டேப் தீர்ந்து 'டக்' என்று நிற்கும் வரை. முழுசா 2 நிமிஷம் 10 செகண்ட்.]

[பத்து செகண்ட் இடைவெளி. எதுவும் வேண்டாம்.]

குமார்: இதோட தனிக் கோப்பு ஒண்ணும் உன் போனுக்கு அனுப்பிருக்கோம். ஒரிஜினல் கேசட்டோட ரெண்டு காதையும் பழனி உடைச்சுட்டான், இனி யாரும் மேல அழிச்சுப் பதிய முடியாது. அதை உன் மக கையில கொடுத்தாச்சு.

நூர்ஜஹான்: அண்ணே, உம்மா கேசட்டும் அதே மாதிரி காது உடைச்சாச்சு.

பழனி: கடைசியா ஒண்ணுண்ணே. மார்கழி ஆருத்ரா தேர் அன்னிக்கு நீங்க கடை போர்டுலேர்ந்து மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவீங்க. மூலவரே தேர் ஏறி வீதிக்கு வர்ற ஊருல பொறந்துட்டு, அந்தச் சத்தம் இல்லாம எப்படிடா கேசட்டு விக்கிறதுன்னு கேப்பீங்க. அந்தத் தேர் மல்லாரி ஏழு பேரோட கேசட்டுல, ஏழு வருஷத்துது இருந்துச்சு. எல்லாம் கம்பீர நாட்டைதான், ஆனா ஒவ்வொரு வருஷமும் தவில் வேற மாதிரி விழுது. வருஷ வரிசையில ஒட்டிருக்கேன். சத்தத்தைக் கூட்டி வையுங்க.

குமார்: சாயங்காலம் ஆறரை மணிக்கு எல்லாரும் கீழ வீதிக்கு வந்துடுவோம். பழைய கடை இருந்த படிகிட்ட நில்லு. நூர்ஜஹான் கேக் எடுத்துட்டு வராங்க, முட்டை போடாதது. தில்லை, நூறு வயசு இருடா!

எல்லாரும் சேர்ந்து: பிறந்தநாள் வாழ்த்துகள்!

[இசை: தேர் மல்லாரி, தில்லையின் பதிவுகள், ஏழும் வரிசையாக. ஒவ்வொன்றும் 12 செகண்ட். நாகஸ்வரமும் தவிலும் முழு ஒலியில். கடைசிப் பதிவைக் குறைக்காமல் அப்படியே முடிக்கவும்.]