பத்தாறு பஞ்சகச்சம்: கைத்தறிப் பருத்தி, 100 கவுண்ட், 2 அங்குல அரக்குக் கரை

விலை ரூ. 2,450, வேட்டியும் அங்கவஸ்திரமும் சேர்த்து. சேலம் பக்கத்துத் தறியில் நெய்தது. மாட்டுங்கா கடையில் பிரித்துப் பார்த்தே வாங்கலாம்.

நீளம்: வேட்டி 10 முழம், டேப் கணக்கில் 4.55 மீட்டர். அங்கவஸ்திரம் 6 முழம், 2.7 மீட்டர். அகலம் இரண்டுக்கும் 50 அங்குலம். இது தண்ணீர் படாத கோடித் துணியின் அளவு. முதல் தோய்ச்சலில் வேட்டி 12 செ.மீ. வரை சுருங்கும். அப்புறமும் 4.4 மீட்டருக்குக் குறையாது. இடுப்பு 38 அங்குலத்துக்கு மேல் இருப்பவர்கள், நல்ல உயரமானவர்கள் இதையே எடுங்கள், கச்சம் இழுத்துச் சொருகத் துணி தாராளமாக நிற்கும். ஒல்லியான உடம்புக்கும் உபநயனப் பையன்களுக்கும் ஒன்பதஞ்சு போதும். அதே நூல், அதே கரை, ரூ. 2,150.

கரை: இரண்டு ஓரத்திலும் 2 அங்குலம், உள் விளிம்பில் ஓடும் மயில்கண்ணையும் சேர்த்து. நூல் கரைதான், ஜரிகை கிடையாது. படத்தில் கொஞ்சம் சிவப்பாகத் தெரிகிறது, நேரில் நல்ல அடர்ந்த அரக்கு.

நூல்: பாவு, ஊடை இரண்டுமே 100 கவுண்ட். கவுண்ட் ஏற ஏற நூல் மெலியும், துணி இலேசாகும். மே மாத மும்பைப் புழுக்கத்தில் ஹோமத்தின் முன்னால் மணிக்கணக்காக உட்கார வேண்டியவர்களை நினைத்துத்தான் இதை வரவழைத்தோம். பஞ்சகச்சத்தில் மடிப்பு மேல் மடிப்பு விழுவதால் உடம்பு தெரியாது. ஒற்றையாகக் கட்ட இந்த நூல் சரிப்படாது, நிழலாடும். வீட்டில் தினம் கட்டுவதற்கு 40 கவுண்ட் நாலு முழ வேட்டி இருக்கிறது: 1.8 மீட்டர், அரை அங்குலப் பச்சைக் கரை, ரூ. 420. தடிமனாக இருக்கும், அடித்துத் துவைக்கலாம்.

துவைக்க: கட்டுவதற்கு முன் ஒருமுறை பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். முதல் இரண்டு மூன்று அலசலில் கரைச்சாயம் இலேசாக விடும். அதுவரை தனியாகவே துவைத்து, ஈரத்தோடு சுருட்டி வைக்காமல் உடனே பிரித்து உலர்த்துங்கள், இல்லாவிட்டால் வெள்ளையில் சாயம் ஏறிவிடும். ப்ளீச், வெந்நீர், பிரஷ் மூன்றும் ஆகாது. மெஷினில் போட்டே ஆகவேண்டுமென்றால் வலைப்பைக்குள் மென்சுற்றில். நீலம் நீரில் நன்றாகக் கரைந்த பிறகே துணியை முக்குங்கள். கஞ்சி மெல்லியதாகப் போதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே துணி வீட்டுக்குள்தான் காய்கிறது. கஞ்சி போட்டது அரைகுறையாகக் காய்ந்தால் வாடையடித்துக் கரும்புள்ளி விழும், அதனால் மழைக்காலத்தில் கஞ்சியை விட்டுவிடுங்கள். நிழலில் உலர்த்தி, சற்று ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் சுருக்கம் சீக்கிரம் எடுபடும்.

தண்ணீரில் நனைக்காத வேட்டியை 7 நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். நெசவில் இழை விட்டுப்போயிருந்தால் நனைத்த பிறகும் மாற்றித் தருவோம்.