பாம்புக்கடி கையேடு (வரைவு 3): செப்டம்பர் 12, வெள்ளி மாலை 5 மணிக்குள் உங்கள் கருத்து வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

கரும்புக் காட்டிலும் நெல் வயலிலும் வேலை செய்பவர்களுக்காக நாம் எழுதிவரும் எட்டுப் பக்கக் கையேட்டின் மூன்றாம் வரைவை இத்துடன் இணைத்திருக்கிறேன். செப்டம்பர் 19 அன்று அச்சுக்குக் கொடுத்தால்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் 3,000 படிகள் ஊர்களுக்குப் போய்ச் சேரும். அதனால் உங்கள் கருத்து செப்டம்பர் 12, வெள்ளி மாலை 5 மணிக்குள் என் கைக்கு வந்துவிட வேண்டும். நடுவில் 5ஆம் தேதி மிலாடி நபி விடுமுறை இருப்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் எட்டுப் பக்கத்தையும் படிக்க வேண்டியதில்லை. யார் எந்தப் பக்கம், எந்தக் கேள்வி என்று கீழே எழுதியிருக்கிறேன். அப்படிப் பிரித்ததற்கு ஒரு காரணம் உண்டு. போன வருடம் நாய்க்கடித் தாளை எல்லோருக்கும் பொதுவாக அனுப்பி, "படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதினேன். "நன்றாக இருக்கிறது" என்று ஐந்து பேரும் பதில் போட்டீர்கள். சில ஒற்றுப்பிழைகளும் திருத்தித் தந்தீர்கள். அச்சாகி ஊருக்குப் போன பிறகு ஒரு அம்மா நம் களப்பணியாளரிடம், "ஊசி 0, 3, 7, 28ஆம் நாள்னு போட்டிருக்கே, பூஜ்யமாவது நாள்னா எது?" என்று கேட்டார். முதல் ஊசி போடும் நாள்தான் அது என்பது நமக்குப் பழகிப்போன விஷயம். அதனால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்காததுதான் தவறு. இந்த முறை கேட்கிறேன்.

அதிகம் கவலையாக இருப்பது பக்கம் 3. நர்ஸ் அக்காவும் களப்பணியாளர்கள் மூவரும் இதைப் பார்க்க வேண்டும். வரைவில் இப்படி இருக்கிறது: "கடித்த இடத்துக்கு மேலே கட்டுப் போடாதீர்கள். கை அல்லது காலை அசையாமல் கட்டுங்கள்." மருத்துவப்படி இரண்டும் சரி. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கை கால் கெட்டுப்போகும். ஆனால் கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்திருக்கவும் வேண்டும். தமிழில் இரண்டுக்கும் "கட்டு" என்ற ஒரே சொல் வந்துவிட்டது. பதற்றத்தில் படிப்பவருக்குக் கட்டச் சொல்கிறார்களா, வேண்டாம் என்கிறார்களா என்றே புரியாது. நான் யோசித்த மாற்று இது: "கயிறு, துண்டு எதையும் கொண்டு இறுக்கக் கூடாது. எலும்பு முறிந்தால் சிம்பு வைப்பது போல, ஒரு குச்சியோ அட்டையோ வைத்துத் தளர்வாகச் சுற்றுங்கள்." சிம்பு என்ற சொல் எல்லா ஊரிலும் புரிகிறதா? இளம் வயதுக்காரர்களுக்குப் புரியவில்லை என்றால் வேறு என்ன சொல்லலாம்?

களப்பணியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கத்தை ஆளுக்கு இரண்டு பேரிடம் உரக்கப் படித்துக் காட்டி, "இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன பதிலை அப்படியே, அவர்கள் வாய்ச்சொல்லிலேயே எனக்கு வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பினால் போதும். எழுதித் தர வேண்டாம்.

பக்கம் 2-இல் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் படங்கள் இருக்கின்றன. உங்கள் ஊர்களில் இவற்றுக்கு வேறு பெயர் வழங்கினால் சொல்லுங்கள், அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிடலாம்.

டாக்டர், உங்களுக்கு மூன்று கேள்விகள்.

முதலாவது, கட்டுவிரியனைப் போலவே தோன்றும் விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனின் படத்தையும் சேர்க்கலாமா? சேர்த்தால் ஒரு அப்பாவிப் பாம்பு அடிபடாமல் பிழைக்கும். ஆனால் "இது விஷமில்லாததுதான்" என்று யாராவது தாங்களே முடிவு செய்து வீட்டிலேயே இருந்துவிட்டால்? கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவரைத்தான் கடிக்கிறது. கடித்த வலியும் வீக்கமும் கூட அதிகம் தெரியாது. அதனால் வேண்டாம் என்பது என் எண்ணம். முடிவு உங்களுடையது.

இரண்டாவது, பக்கம் 4-இல் 20 நிமிட ரத்தம் உறைதல் சோதனையை விளக்கியிருக்கிறேன். கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து அசைக்காமல் வைத்துவிட்டுக் காத்திருப்பதைப் பார்க்கும் உறவினர்கள், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கொதித்துப்போகிறார்கள். நம் அவசரப் பிரிவில் இதை நானே பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் அந்தப் பத்தி. அதில் மருத்துவப் பிழை இருக்கிறதா?

மூன்றாவது, விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி என்ற எண்ணிக்கையைப் போடலாமா? போட்டால், "பக்கத்துப் படுக்கைக்குப் பத்து, எங்களுக்கு ஏன் அதற்கு மேல்?" என்ற பேச்சு வரும் என்று நர்ஸ் அக்கா சொல்கிறார். நானும் எடுத்துவிடலாம் என்றே நினைக்கிறேன். நான்கு பாம்புகளுக்கும் ஒரே மருந்துதான், ஆகவே பாம்பை அடித்து எடுத்துவர வேண்டாம் என்ற வரியை மட்டும் கட்டாயம் வைத்துக்கொள்வோம்.

டாக்டர், பக்கம் 4 உங்கள் ஒப்புதல் இல்லாமல் அச்சுக்குப் போகாது. மற்றப் பக்கங்களுக்கு 12ஆம் தேதிக்குள் பதில் வராவிட்டால், இருக்கிறபடியே சரி என்று எடுத்துக்கொள்வேன்.

ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணனுக்கு மின்னஞ்சல் பார்க்க நேரமிருக்காது. திங்கள் காலை 9 மணிக்கு நானே வண்டி நிற்கும் இடத்துக்கு வந்து பக்கம் 6-ஐப் படித்துக் காட்டுகிறேன், அண்ணா. 108-க்கு அழைப்பவர் முதலில் என்ன சொன்னால் உங்களைப் போன்றவர்கள் சுற்றாமல் வந்து சேர முடியும் என்பதுதான் என் கேள்வி. ஊர்ப் பெயர் மட்டும் போதாது, கோயில், பள்ளி, தண்ணீர்த் தொட்டி என்று ஏதாவது அடையாளம் வேண்டும் என்று முன்பு ஒருமுறை சொன்னீர்கள். காட்டுக்குள் இருந்து அழைப்பவர் என்ன அடையாளம் சொல்வது?

பதிவேட்டுப் பிரிவுத் தம்பிக்குப் பக்கம் 7, ஒரே ஒரு பத்தி. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. நோயாளியிடம் நாம் ஏன் இத்தனை விவரம் கேட்கிறோம் என்பதற்கு அதைக் காரணமாக எழுதியிருக்கிறேன். நாம் உண்மையில் கேட்கும் விவரங்களும் நான் எழுதியிருப்பவையும் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பாருங்கள். கணக்குப் பிரிவில் அச்சுச் செலவுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது, அங்கே வேலை ஒன்றும் இல்லை.

எழுத்துப்பிழை, அட்டை நிறம், எழுத்தின் அளவு இவற்றை இப்போது பார்க்க வேண்டாம். மெய்ப்புப் பார்ப்பவர் 15, 16 தேதிகளில் அதைச் செய்வார். உங்கள் நேரம் முழுவதும் கேட்ட கேள்விக்கே போகட்டும். ஒரு வரி தவறு என்றால், "இது புரியவில்லை" என்று நிறுத்தாமல், நீங்கள் அந்த ஆளிடம் நேரில் எப்படிச் சொல்வீர்களோ அப்படி ஒரு வரி எழுதிவிடுங்கள். கோப்பிலேயே குறிப்பாகப் போடலாம், தாளில் பேனாவால் எழுதிப் படம் எடுத்தும் அனுப்பலாம்.

இரண்டு பேர் சொல்வது ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால், சனிக்கிழமை காலை 11 மணிக்கு வெளிநோயாளர் பிரிவு மாடியில் அரைமணி நேரம் உட்கார்ந்து முடிவு செய்துவிடலாம். முரண் எதுவும் இல்லை என்றால் கூட்டம் இல்லை, வெள்ளி இரவே தெரியப்படுத்துகிறேன்.

12ஆம் தேதிக்குள் முடியாது என்று தெரிந்தால் திங்கட்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் பக்கத்தை வேறொருவரிடம் கொடுக்க அப்போதுதான் நேரம் இருக்கும்.

நன்றி.

களப்பணி ஒருங்கிணைப்பாளர்
செப்டம்பர் 3, 2025